பெரியவர்களைப் பெயரோடு எப்படிக் கூப்பிடுவது: அண்ணே, மாமா, சார், அவர்கள்

வெளியூரில் வளர்ந்து, தமிழ் படிக்கத் தெரிந்து, ஊருக்குப் போனால் மட்டும் யாரை என்னவென்று கூப்பிடுவது என்று திணறுகிறவர்களுக்காக இது. பெயருக்குப் பின்னால் ஒரு மரியாதைச் சொல்லை ஒட்டினால் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

ஒரே ஆளை வைத்துப் பார்ப்போம். பெயர் சுப்பிரமணியன், வயது 62, அப்பாவின் நண்பர். உங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அவரை அழைக்க வேண்டும். போனில் பேச வேண்டும், வீட்டில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், பத்திரிகை உறையில் பெயர் எழுத வேண்டும்.

படி 1: உறவுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

இரத்த உறவு இருக்க வேண்டியதில்லை, வயதுதான் கணக்கு. உங்களைவிடச் சில வயது மூத்தவர் என்றால் அண்ணன், அக்கா. அப்பா அம்மா வயதில் இருந்தால் மாமா, அத்தை. சில வீடுகளில் சித்தப்பா, பெரியப்பா. அதற்கும் மேலே தாத்தா, பாட்டி. முன்பின் தெரியாதவர் என்றால் ஐயா, அம்மா என்பது எங்கேயும் தப்பாகாது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் கடைக்காரரை அண்ணாச்சி என்பார்கள். அலுவலகத்திலும் பள்ளியிலும் சார், மேடம்.

அப்பாவின் நண்பரை அப்பா எப்படி அறிமுகப்படுத்தினாரோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்றிருந்தால் அவர் மாமா. நடுவில் அங்கிள் என்று மாற்றினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் அவருக்கு ஒரு சுருக்கென்று இருக்கும்.

படி 2: பெயர் வேண்டுமா என்று பாருங்கள்

வயது ஏற ஏறப் பெயர் மறைந்துபோகும் என்பதுதான் இங்கே முக்கியம். கொஞ்சம் மூத்தவரைப் பெயரோடு சேர்த்து "முருகேசண்ணே", "செல்விக்கா" என்று தாராளமாகக் கூப்பிடலாம். பேச்சில் இரண்டு சொல்லும் இப்படி ஒன்றாகிவிடும். ஆனால் 62 வயதுக்காரரை நேருக்கு நேர் "சுப்பிரமணியன் மாமா" என்று முழுப்பெயரோடு கூப்பிட்டால், வருகைப் பதிவேடு வாசிப்பது போல இருக்கும். எதிரில் இருக்கும்போது வெறும் "மாமா" போதும்.

ஒரே வீட்டில் மூன்று மாமாக்கள் இருந்தால்? அப்போது சுருக்கப் பெயர் வரும்: "மணி மாமா". அல்லது ஊர்ப் பெயர்: "மதுரை மாமா", "திருச்சி சித்தப்பா". தொழிலும் உதவும்: "டீக்கடை அண்ணே". தாத்தா பாட்டி வயதுக்காரர்களுக்குப் பெயரைத் தொடவே வேண்டாம், ஊரோ தெருவோ போதும்.

அந்தக் காலத்தில் பெரியவரைப் பெயர் சொல்லாமல் கூப்பிட இன்னொரு வழி இருந்தது: சாதிப் பட்டத்தைச் சொல்வது. கிராமத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் தங்களுக்குள் அப்படிப் பேசுவதைக் கேட்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் பழகாதீர்கள். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டிலேயே அந்தப் பட்டங்களை உதறச் சொல்லித் தீர்மானம் போட்டாகிவிட்டது.

படி 3: கூப்பிடும் வடிவமும் குறிப்பிடும் வடிவமும் வேறு

அண்ணன் என்பது அவரைப் பற்றிப் பேசும்போது: "அண்ணன் வந்தாரு". கூப்பிடும்போது மதுரைப் பக்கம் "அண்ணே", சென்னையிலும் கோவையிலும் "அண்ணா". மாமா, அக்கா, தாத்தா இரண்டுக்கும் அப்படியே நிற்கும்.

ஆர் என்ற விகுதியில்தான் புதியவர்கள் சிக்குகிறார்கள். ஔவையார், பாரதியார், தந்தையார், தாயார் என்று மரியாதைக்காகவே சேர்வது அது. 1938இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில் ஈ.வெ.ராமசாமிக்கு அளித்த 'பெரியார்' பட்டத்திலும் இதே ஆர்தான். ஆனால் உறவுச் சொற்களில் இது குறிப்பிட மட்டுமே. மாமனாரைப் பார்த்து "மாமனாரே!" என்று யாரும் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் கிண்டல் என்று நினைப்பார். நேரில் அவர் மாமாதான், மாமியார் அத்தைதான். அடுத்தவரிடம் சொல்லும்போது "என் மாமனார் சொன்னார்".

படி 4: வினைச்சொல்லையும் மாற்றுங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். "சார், நீ எப்ப வர்றே?" என்றால் சார் போட்டும் பயனில்லை. மரியாதையைச் சுமப்பது நீங்க, -ங்க இரண்டும்தான். "மாமா, நீங்க அவசியம் வரணும். அத்தையையும் கூட்டிட்டு வாங்க." இவ்வளவு சொன்னால் அழைப்பு முறையாக முடிந்தது. அம்மாவிடமும் சொந்த அண்ணனிடமும் "நீ வா" என்று பேசும் வீடுகள் நிறைய உண்டு. அது நெருக்கம், அவமதிப்பில்லை. ஆனால் அந்த உரிமை வீட்டுக்கு வெளியே செல்லாது. கோவைப் பக்கம் போனால் "சரிங்க", "இல்லீங்க" என்று பதிலில்கூட ங்க ஒட்டிக்கொண்டே வரும்.

அவரைப் பற்றிப் பேசும்போது இன்னொரு நுணுக்கம். எழுத்தில் "மாமா வந்தார், அத்தை வந்தார்" என்று இருவருக்கும் ஆர் வரும். பேச்சில் "வந்தாரு" ஆணுக்கு மட்டும். "அத்தை வந்தாரு" என்றால் சிரிப்பார்கள். "அத்தை வந்தாங்க" என்பதே சரி. மாமாவுக்கும் "வந்தாங்க" சொல்லலாம், இன்னும் கொஞ்சம் கூடுதல் மரியாதை.

படி 5: எழுதும்போது

பத்திரிகை உறையில் "திரு. இரா. சுப்பிரமணியன் அவர்கள்" என்று எழுதுங்கள். முன்னால் திரு, பின்னால் அவர்கள், இரண்டும் சேர்ந்து வருவது தமிழில் வழக்கம்தான். வேற்றுமை உருபு பெயரில் ஒட்டாது, கடைசிச் சொல்லில்தான் ஒட்டும்: சுப்பிரமணியன் அவர்களுக்கு, அவர்களை, அவர்களின். கடிதம் என்றால் "அன்புள்ள மாமா அவர்களுக்கு, வணக்கம்" என்று தொடங்கலாம். மேடையில் விளிக்கும்போது "அவர்களே". அவர்கள் போட்டுவிட்டால் வினை "வந்தார்கள்" என்று வருவதே பொருத்தம். செய்திகளில் "அவர்கள் தெரிவித்தார்" என்றும் பார்ப்பீர்கள். எதை எழுதினாலும் கடைசிவரை அதையே எழுதுங்கள். உங்கள் பெயருக்குப் பின்னால் நீங்களே அவர்கள் போட்டுக்கொள்ளாதீர்கள். அழைப்பிதழ் அடிக்கும் அவசரத்தில் அழைப்பவர் பெயரிலும் அது நுழைந்துவிடும், மெய்ப்பு பார்க்கும்போது கவனியுங்கள்.

இப்போது அலுவலகங்களில் எல்லாப் பெயருக்கும் 'ஜி' ஒட்டுகிறார்கள். சமவயதுக்காரர்களுக்குள் சரி. மணி மாமாவை "மணி ஜி" என்றால் அவரை நண்பர் வட்டத்துக்கு இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் அண்ணே அங்கே "அண்ணை", வாங்க "வாங்கோ". அங்கே நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவில் "நீர்" என்று ஒன்று உண்டு. கேட்க இலக்கியத் தமிழ் போல மரியாதையாக இருக்கிறதே என்று பெரியவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அது சமமானவருக்கும் இளையவருக்கும்தான். பெரியவர்களுக்கு அங்கேயும் நீங்கள்தான்.