மாவு மில் இயந்திரத்தின் விலையை ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துக் கொடுக்கும் ஒரு மில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாளி 2019 அக்டோபரில், தீபாவளிக்கு முன்பு, புதிய அரவை இயந்திரத்தை ரொக்கம் கொடுத்து வாங்குகிறார். விலை 18,000 வெள்ளி. லாரிக் கூலி, பொருத்தும் செலவு, அதற்கான வயரிங் எல்லாம் சேர்ந்து இன்னும் 2,000.

முதல் தவறு இங்கேயே வருகிறது. அந்த 2,000 வெள்ளியைப் பழுதுபார்ப்புச் செலவோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். இயந்திரத்தைக் கடைக்குக் கொண்டுவந்து ஓடும் நிலையில் நிறுத்தும் வரை ஆகும் செலவெல்லாம் அதன் விலைதான். ஆகவே கணக்கில் வர வேண்டியது 20,000. பிறகு பெல்ட் மாற்றுவதும் கிரீஸ் போடுவதும் அந்தந்த ஆண்டுச் செலவு.

அடுத்தது, “பணத்தை அப்பவே கொடுத்தாச்சே தம்பி, அப்புறம் ஏன் வருஷா வருஷம் எழுதணும்?” என்று கேட்டு முழுத் தொகையையும் ஒரே ஆண்டில் செலவாக எழுதுவது. தேய்மானம், அதாவது இயந்திர விலையில் அந்த ஆண்டுக்கு எழுதும் பங்கு, கழிப்பதற்கு முன் அந்த ஆண்டின் லாபம் 48,000 என்றால், அது 28,000 ஆகச் சுருங்கிவிடும். அடுத்த ஆண்டுகளில் இயந்திரம் இலவசமாக ஓடுவது போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் பலர் அரவைக் கூலியைக் குறைத்து வைக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

சரி, எப்படிப் பிரிப்பது? இயந்திரம் 6 ஆண்டு ஓடும், கடைசியில் 2,000 வெள்ளிக்குப் போகும் என்று மதிப்பிட்டால், தேய வேண்டியது 18,000. ஆண்டுதோறும் ஒரே தொகையை எழுதும் நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 3,000. அக்டோபரில் வாங்கியதால் டிசம்பர் வரை 3 மாதத்துக்கு 750 மட்டுமே எழுத வேண்டும். முழு ஆண்டுத் தொகையை எழுதிவிடக் கூடாது. இரவு பகலாக ஓடும் குளிர்சாதனப் பெட்டிக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும்.

மில் அப்படியல்ல. பண்டிகைக்கு முன் ஓயாமல் ஓடும், பிறகு பாதி நாள் சும்மா நிற்கும். அதனால் அரைக்கும் கிலோவை வைத்துக் கணக்கிடுவதே சரி என்பேன். ஆயுளில் 3 லட்சம் கிலோ அரைக்கும் என்றால், 18,000 வெள்ளியை அதால் வகுக்க, கிலோவுக்கு 6 காசு. முதல் மூன்று மாதத்தில் 18,000 கிலோ அரைத்திருந்தால் தேய்மானம் 1,080 வெள்ளி. கூலி நிர்ணயிக்கும்போது கரண்டும் ஆள் சம்பளமும் போல இந்த 6 காசும் உள்ளே இருக்க வேண்டும். தினம் எத்தனை கிலோ அரைத்தோம் என்ற நோட்டு இல்லாத மில்லுக்கு இந்த முறை உதவாது.

டெலிவரி வேன் போல, வாங்கிய உடனே மதிப்பு சரிவதற்குக் குறையும் மீதி முறை இருக்கிறது. அதில் விகிதத்தை ஒவ்வோர் ஆண்டும் மீதியின் மேல் போட வேண்டும். 20,000 வெள்ளிக்கு 32 விழுக்காடு என்றால் முதல் ஆண்டு 6,400. அடுத்த ஆண்டு மீதி 13,600-இன் மேல் 4,352. சிலர் ஆண்டுதோறும் அசல் விலையின் மேலேயே போடுவார்கள். மூன்றே ஆண்டில் 19,200 தேய்ந்துபோனதாகக் காட்டினால், தவறு அங்கேதான்.

வரிக் கணக்கை இதோடு கலப்பது இன்னொரு தவறு. உள்நாட்டு வருமான வரி வாரியம் நீங்கள் எழுதிய தேய்மானத்தை ஏற்காது. அதை லாபத்தோடு திரும்பச் சேர்த்துவிட்டு, அதற்குப் பதிலாக இயந்திர விலைக்கு வரி விதிப்படி கிடைக்கும் மூலதனக் கழிவைக் கோர வேண்டும். பொதுவான இயந்திரத்துக்கு முதல் ஆண்டு தொடக்கக் கழிவு வாங்கிய விலையில் 20 விழுக்காடு, அதோடு ஆண்டுதோறும் அதே விலையில் ஆண்டுக் கழிவு 14. இதில் மாதக் கணக்குக் கிடையாது. ஆகவே 2019-க்கு 6,800, பிறகு ஆண்டுக்கு 2,800. இந்த 14 விழுக்காட்டைக் கடைக் கணக்கில் போட்டால் அது உங்கள் இயந்திரத்தின் உண்மையான தேய்மானத்தைக் காட்டாது.

விற்கும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். 2023 அக்டோபரில், 2 லட்சம் கிலோ அரைத்த பிறகு, இயந்திரத்தை 9,000 வெள்ளிக்கு விற்கிறார். கடைக் கணக்கில், கிலோவுக்கு 6 காசு வீதம் 12,000 தேய்ந்து மீதி 8,000. ஆகவே லாபம் 1,000 மட்டுமே. வந்த 9,000-ஐயும் வருமானமாக எழுதக் கூடாது. வரிக் கணக்கிலோ, 2022 வரை 15,200 கழித்தாயிற்று, மீதி 4,800. விற்ற விலை அதைவிட 4,200 கூடுதல். அந்த 4,200 அந்த ஆண்டு வரிக்கு உட்படும் வருமானத்தில் சேரும். அதனால் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு பக்கத்தை ஒதுக்கி, கடைக் கணக்கின் மீதியையும் வரிக் கணக்கின் மீதியையும் தனித்தனிப் பத்தியில் எழுதி வாருங்கள். வாங்கிய ரசீதையும் அதோடு வையுங்கள்.