ஹோப் இருக்கிற இடத்தில் எக்ஸ்பெக்ட் போல எழுதாதீர்கள்

என்னுடன் வேலை பார்க்கும் ஒரு தம்பி, வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்ப வேண்டிய மெயிலை எழுதிவிட்டு, "அண்ணா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க" என்றான். நாலே வரி. ஐ ஹோப் யூ டு அப்ரூவ் த டிசைன். ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் ஃபார் யுவர் ரிப்ளை. வீ வில் வெயிட் யூ டு கன்ஃபர்ம் பிஃபோர் பிரிண்டிங். லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, கணினியும் எங்கேயும் சிவப்புக் கோடு போடவில்லை. ஆனாலும் நாலு வரியிலும் தப்பு இருக்கிறது. நாலும் ஒரே இடத்தில்தான், அதாவது வினைச்சொல்லுக்கு அடுத்து என்ன வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

(ஆங்கில வாக்கியங்களை வேண்டுமென்றேதான் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். இந்தத் தப்புகள் கண்ணுக்குத் தப்பிவிடும், வாய்விட்டுப் படித்தால் காதில் மாட்டிக்கொள்ளும்.)

குழப்பத்துக்கு ஒரு காரணம் நம்முடைய "எதிர்பார்க்கிறேன்". "உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்" என்ற ஒரே வாக்கியத்தை எக்ஸ்பெக்ட், ஹோப் ஃபார், வெயிட் ஃபார், லுக் ஃபார்வர்ட் டு என்று இடத்துக்குத் தக்கபடி நாலு விதமாக ஆங்கிலத்தில் சொல்லலாம். அர்த்தம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், பின்னால் வருவதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று மனசு நினைத்துக்கொள்கிறது. அங்கேதான் சறுக்குகிறது.

ஒரு சின்னச் சோதனை வைத்துக்கொள்ளுங்கள். வினைச்சொல்லுக்குப் பின்னால் "ஹிம் டு கம்" என்று போட்டுப் பாருங்கள். ஐ எக்ஸ்பெக்ட் ஹிம் டு கம், சரி. ஐ ஹோப் ஹிம் டு கம், தப்பு. ஐ வெயிட் ஹிம் டு கம் என்பதும் தப்பு, ஆனால் நடுவில் ஒரு ஃபார் சேர்த்து வெயிட் ஃபார் ஹிம் டு கம் என்றால் சரியாகிவிடும். லுக் ஃபார் என்றால் தேடுவது, அதற்குப் பின்னால் ஆளோ பொருளோ வந்தால் போதும், டு கம் எல்லாம் வேண்டாம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஹோப்தான் அதிகம் படுத்துவது, அதனால் அங்கே கொஞ்சம் நிற்கலாம். "ஐ ஹோப் யூ டு அப்ரூவ்" என்று ஏன் எழுதுகிறோம்? தமிழிலிருந்து அப்படியே மொழிபெயர்ப்பதால் என்று சொல்வார்கள், எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. தமிழில் யோசித்தால் "நீங்கள் ஒப்புதல் தருவீர்கள் என்று நம்புகிறேன்" என்றுதானே வரும்? அதில் "நீங்கள்" எழுவாய், "தருவீர்கள்" முழுமையான வினைமுற்று, பிறகு "என்று". அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ஐ ஹோப் யூ வில் அப்ரூவ் என்று சரியாகவே வந்துவிடும். தப்பு வருவது ஆங்கிலத்துக்குள்ளேயே ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்வதால். வான்ட் யூ டு, எக்ஸ்பெக்ட் யூ டு, ஆஸ்க் யூ டு, டெல் யூ டு என்று வரிசையாகப் படித்த பழக்கத்தில் ஹோப்பையும் அதே வரிசையில் உட்கார வைத்துவிடுகிறோம். அது அந்த வரிசையைச் சேர்ந்ததில்லை.

ஹோப்புக்கு மூன்று வழிதான். செய்யப்போவது நீங்களே என்றால் ஹோப் டு: ஐ ஹோப் டு ஃபினிஷ் டுடே. செய்யப்போவது வேறொருவர் என்றால் எழுவாயும் வினையும் உள்ள முழு வாக்கியம்: ஐ ஹோப் ஹீ ஃபினிஷஸ் டுடே. இங்கே ஹீ வில் ஃபினிஷ் என்றாலும் சரிதான், இரண்டும் வருங்காலத்தைத்தான் சொல்கின்றன. இடையில் தட் போடலாம், போடாமலும் விடலாம், பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மூன்றாவது, வெறும் பெயர்ச்சொல் என்றால் ஃபார் வேண்டும்: வீ ஆர் ஹோப்பிங் ஃபார் எ குட் ரிசல்ட்.

இதே கோளாறு செயப்பாட்டு வினையிலும் தலைகாட்டும், அறிக்கைகளில் அடிக்கடி பார்க்கலாம். த ரிசல்ட்ஸ் ஆர் எக்ஸ்பெக்டெட் டு கம் டுமாரோ என்பது சரி. அதைப் பார்த்து த ரிசல்ட்ஸ் ஆர் ஹோப்ட் டு கம் என்று எழுதினால் தப்பு. காரணம் மேலே சொன்னதேதான். முதல் வாக்கியத்துக்கு அடியில் எக்ஸ்பெக்ட் த ரிசல்ட்ஸ் டு கம் என்ற செய்வினை இருக்கிறது. அந்த ரிசல்ட்ஸ்தான் முன்னால் வந்து எழுவாயாக நிற்கிறது. ஹோப்புக்கு அடியில் அப்படி ஒரு வாக்கியமே கிடையாது, முன்னால் கொண்டுவர எதுவும் இல்லை. அதனால் இட் இஸ் ஹோப்ட் தட் த ரிசல்ட்ஸ் வில் கம் டுமாரோ என்று சுற்றித்தான் போக வேண்டும், அல்லது வீ ஹோப் என்று நேராக ஆரம்பித்துவிட வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஹோப்பில் இன்னொன்றும் உண்டு, எதிர்மறையை எங்கே வைப்பது என்பது. மழை வரக் கூடாது என்று நினைத்தால் ஐ ஹோப் இட் டஸன்ட் ரெய்ன். ஐ டோன்ட் ஹோப் இட் ரெய்ன்ஸ் என்று யாரும் சொல்வதில்லை. குறுகிய பதிலும் அப்படியே, ஐ ஹோப் நாட் என்றுதான் வரும். எக்ஸ்பெக்ட் இதற்கு நேர்மாறு, அங்கே எதிர்மறையை முன்னால் வைப்பதுதான் வழக்கம்: ஐ டோன்ட் எக்ஸ்பெக்ட் ஹிம் டு கம். தமிழிலும் இதே மாதிரிதான் பேசுகிறோம். "வருவார் என்று எதிர்பார்க்கவில்லை" என்போம், ஆனால் "மழை வராது என்று நம்புகிறேன்" என்போம்.

சரி, எக்ஸ்பெக்ட். தம்பி எழுதிய எக்ஸ்பெக்டிங் ஃபார், வெயிட்டிங் ஃபாரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. எக்ஸ்பெக்டுக்கு ஃபார் கிடையாது. தமிழில் "பதிலை எதிர்பார்க்கிறேன்" என்று ஐ உருபோடு நேராகச் சொல்கிறோம் இல்லையா, அதே மாதிரி நேராக ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் எ ரிப்ளை. இங்கே தமிழ் நமக்கு உதவுகிறது. ஆனால் "உங்களிடமிருந்து" என்று ஆரம்பித்தால் அதே தமிழ் கவிழ்த்துவிடும். ஐ எக்ஸ்பெக்ட் ஃப்ரம் யூ டு ஹெல்ப் என்று எழுதிவிடுவோம். பெயர்ச்சொல்லாக இருந்தால் ஃப்ரம் வரலாம், ஐ எக்ஸ்பெக்ட் ஹெல்ப் ஃப்ரம் யூ. வினையாக இருந்தால் ஃப்ரம்மைத் தூக்கிவிட்டு எக்ஸ்பெக்ட் யூ டு ஹெல்ப்.

இலக்கணம் சரியாக இருந்தும் எக்ஸ்பெக்ட் இன்னொரு விதத்தில் மாட்டிவிடும். ஐ எக்ஸ்பெக்ட் யூ டு அப்ரூவ் திஸ் என்று வாடிக்கையாளருக்கோ மேலதிகாரிக்கோ எழுதினால், "இதை நீங்கள் செய்தே ஆக வேண்டும்" என்ற தொனி வந்துவிடும். அது கடமையை நினைவூட்டுகிற வாக்கியம், பணிவாகக் கேட்கிற வாக்கியம் இல்லை. அந்த இடத்தில் ஹோப்தான் பொருந்தும். தம்பி சரியான வினையைத்தான் எடுத்தான், அதன் பின்னால் மட்டும் எக்ஸ்பெக்டின் வாலை ஒட்டிவிட்டான். (போகிற போக்கில்: ஒரு பெண்ணைப் பற்றி ஷீ இஸ் எக்ஸ்பெக்டிங் என்று மொட்டையாக நிறுத்தினால், அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்றே பொருள்.)

எக்ஸ்பெக்டுக்கும் வெயிட்டுக்கும் இடையே ஒரு கோடு உண்டு. ஒரு பார்சலை எக்ஸ்பெக்ட் செய்துகொண்டே நீங்கள் தூங்கலாம், வெளியே போகலாம், அது வரும் என்பது மனசுக்குத் தெரிந்தால் போதும். வெயிட் என்றால் அதற்காக நேரம் போகிறது, அது வந்தால்தான் அடுத்தது நடக்கும். "காத்திரு" என்பதற்கு முன்னால் "அவருக்காக" என்று வருகிற மாதிரி, வெயிட்டுக்குப் பின்னால் ஃபார் வந்தே தீர வேண்டும்: வெயிட் ஃபார் மீ, வெயிட் ஃபார் ஹிம் டு கன்ஃபர்ம். வெயிட் எ மினிட், வெயிட் யுவர் டர்ன் போன்ற சில தொடர்களில் மட்டும் ஃபார் இல்லை. அவெய்ட் என்ற சற்று அலுவல்பூர்வமான சொல்லுக்கும் கிடையாது, அவெய்ட் ஃபார் என்று எழுதினால் தப்பு. "அவர் வருவார் என்று காத்திருக்கிறேன்" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் வெயிட் தட் ஹீ கம்ஸ் என்று ஆங்கிலத்தில் கிடையாது. "வரும்வரை" என்று மாற்றிக்கொள்ளுங்கள், வெயிட் அன்டில் ஹீ கம்ஸ். அந்த அன்டிலுக்குப் பின்னால் வருங்காலத்தைச் சொல்ல வில் சேர்க்காதீர்கள்.

லுக் ஃபாரில் சிக்கல் ஃபாரை விட்டுவிடுவதில். தமிழில் "சாவியைத் தேடுகிறேன்" என்று சொல்வதால், ஐ ஆம் சர்ச்சிங் மை கீஸ் என்று வந்துவிடுகிறது. லுக்கானாலும் சர்ச்சானாலும் தேடப்படும் பொருளுக்கு முன்னால் ஃபார் வேண்டும். ஃபார் இல்லாமல் சர்ச் த பேக் என்றால் பையைத் தேடுவதில்லை, பைக்குள் தேடுவது. சர்ச் த பேக் ஃபார் த கீஸ் என்ற வாக்கியத்தில் இரண்டும் அதனதன் இடத்தில் இருப்பதைப் பாருங்கள். அப்புறம், லுக்கிங் ஃபார் டு பை எ லேப்டாப் என்று எழுத வேண்டாம். லுக்கிங் ஃபார் எ லேப்டாப் என்றால் தேடுகிறேன், லுக்கிங் டு பை எ லேப்டாப் என்றால் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

கடைசியாக லுக் ஃபார்வர்ட் டு. டுவைப் பார்த்ததும் ஹியர், மீட் என்று மூல வினையைப் போடக் கை துடிக்கும், ஆனால் இந்த டு அந்த டு இல்லை. பெயர்ச்சொல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை என்று சொல்ல முடிகிறது, ஆகவே இந்த டு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிற டு. வினையை அங்கே வைக்க வேண்டுமானால் இங் சேர்த்துப் பெயர் மாதிரி ஆக்கித்தான் வைக்க வேண்டும், ஹியரிங் ஃப்ரம் யூ. ஹோப் டு என்பதற்குப் பின்னால் இப்படிப் பெயர்ச்சொல் வைக்க முடியாது, அதனால் அங்கே ஹோப் டு ஹியர்தான்.

திருத்திய மெயில் இப்படி ஆனது: வீ ஹோப் யூ வில் அப்ரூவ் த டிசைன். வீ வில் வெயிட் ஃபார் யூ டு கன்ஃபர்ம் பிஃபோர் பிரிண்டிங். லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ. எக்ஸ்பெக்டிங் வரியை எப்படித் திருத்துவது என்று கேட்டான். கடைசி வரியும் அதையேதான் சொல்கிறது, எதற்கு ரெண்டு தடவை என்றேன். எடுத்துவிட்டான்.