போனில் மட்டும் சொன்ன வேலை: ரெக்ரூட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது எப்படி (டொரன்டோ)

டொரன்டோவில் ரெஸ்யூமேவை வேலைத் தளங்களில் ஏற்றிவிட்டால் சில நாட்களிலேயே தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கும். எதிர்முனையில் இருப்பவர் ரெக்ரூட்டர், அதாவது ஏஜென்சி சார்பில் கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தருபவர். வேகமாகப் பேசுவார். "மிசிசாகாவில் அக்கவுண்ட்ஸ் வேலை, ஆறு மாத கான்ட்ராக்ட், மணிக்கு 28 டாலர், உங்களுக்குச் சம்மதம்தானே? நாளைக்கு விவரமாகப் பேசலாம்" என்பார். இந்த இடத்தில் சம்மதம் என்று சொல்லாதீர்கள். வேலை விவரத்தை, அதாவது ஜாப் டிஸ்கிரிப்ஷனை, மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அது கைக்கு வந்து, படித்த பிறகு நடப்பதுதான் உங்கள் முதல் பேச்சாக இருக்க வேண்டும்.

அவர் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. ஒரே வேலையைக் கிளையண்ட் கம்பெனி பல ஏஜென்சிகளுக்குக் கொடுத்திருக்கும். உங்கள் ரெஸ்யூமேவை முதலில் அனுப்பும் ஏஜென்சிக்குத்தான் கமிஷன். அதனால் நீங்கள் கேட்பதை அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், தாமதம்தான் அவருக்குப் பிரச்சினை. எப்போது பதில் சொல்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: "இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். வேலை விவரத்தை அனுப்புங்கள், படித்துவிட்டு இன்று மாலை 4 மணிக்குள் பதில் தருகிறேன்." சொன்ன நேரத்துக்குப் பதில் போக வேண்டும். இரண்டு நாள் கழித்து எழுதினால் அந்த வேலைக்குப் பெயர்ப் பட்டியல் போய்விட்டிருக்கும்.

மின்னஞ்சல் முகவரியை வாயால் சொல்லும்போதுதான் பலருக்குக் காரியம் கெடுகிறது. நம் பெயர்கள் நீளமானவை. தாமோதரன் என்ற பெயரைச் சிலர் T போட்டு எழுதுகிறார்கள், சிலர் D போட்டு. பாலகுமாரை B என்று நீங்கள் சொன்னால் எதிர்முனையில் P என்று கேட்கும். மின்னஞ்சல் எங்கேயோ போய்விடும், நீங்கள் ஆர்வம் காட்டவில்லை என்று ரெக்ரூட்டர் நினைத்துக்கொள்வார். அழைப்பை வைத்த உடனே அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தியில் முகவரியைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். தரைவழி எண்ணாக இருந்து செய்தி போகாவிட்டால், அவருடைய மின்னஞ்சலைக் கேட்டு வாங்கி நீங்களே முதலில் எழுதுங்கள்.

அந்த மின்னஞ்சல் ஐந்தாறு வரி போதும். போனில் அவர் சொன்னதை ஒரு வரியில் திருப்பி எழுதுங்கள்: வேலைப் பெயர், ஊர், கால அளவு, மணிச் சம்பளம். பிறகு வேலை விவரத்தைக் கேளுங்கள். கூடவே மூன்று கேள்விகள்: சம்பளம் ஊழியராக வாங்கும் T4 முறையிலா, சொந்த நிறுவனம் வழியாக வாங்கும் இன்கார்ப்பரேட்டட் முறையிலா? வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும், எந்தத் தெருவில்? ஏஜென்சியின் சட்டப்பூர்வப் பெயர் என்ன?

கடைசிக் கேள்விக்குக் காரணம், ஒன்டாரியோவில் 2024 ஜூலை 1 முதல் ஏஜென்சிகளும் ரெக்ரூட்டர்களும் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பது. மாகாண அரசின் இணையதளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடலாம். வேலை தேடித் தருவதற்கு உங்களிடம் கட்டணம் கேட்பது இங்கே சட்டவிரோதம். எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

வேலை விவரம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது செய்யும் பணிகளின் பட்டியல். படிப்பு முடித்து வேலை அனுமதியில் இருப்பவர்கள் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும். தேவைப்படும் படிப்பு, பயிற்சியைப் பொறுத்து கனடா அரசு வேலைகளை டீயர் என்ற நிலைகளாகப் பிரித்திருக்கிறது. கனடிய அனுபவப் பிரிவில் பி.ஆர். விண்ணப்பிக்க 0, 1, 2, 3 ஆகிய டீயர் நிலைகளில் உள்ள வேலைகளில் ஓர் ஆண்டு, அதாவது 1,560 மணி நேர அனுபவம் வேண்டும். போனில் கேட்ட "அக்கவுண்ட்ஸ் வேலை" இரண்டு விதமாக இருக்கலாம். இன்வாய்ஸைக் கணினியில் ஏற்றுவது, பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிடுவது, சப்ளையருக்குப் பணம் அனுப்பத் தயார் செய்வது என்று மட்டும் பட்டியல் இருந்தால் அது கணக்குக் கிளார்க் வேலை. அரசின் வேலை வகைப்பாடான என்.ஓ.சி.யில் அதன் எண் 14200, டீயர் 4. ஓராண்டு முழுக்க உழைத்தாலும் அந்தப் பிரிவில் கணக்கில் வராது. கணக்குப் புத்தகங்களை முழுமையாகப் பராமரிப்பது, லெட்ஜரில் பதிவது, ட்ரையல் பேலன்ஸ் எடுப்பது, நிதி அறிக்கை தயாரிப்பது என்று இருந்தால் புக்கீப்பர் வேலை. எண் 12200, டீயர் 2. அது கணக்கில் வரும். குடிவரவு அதிகாரி பார்ப்பது செய்த பணிகளைத்தான், வேலைப் பெயரை அல்ல. பின்னால் கம்பெனியிடம் கடிதம் கேட்கும்போது செய்யாத வேலையை எழுதித் தரச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதனால் இந்த வித்தியாசத்தை வேலையில் சேர்வதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இன்கார்ப்பரேட்டட் முறை என்றால் நீங்கள் சொந்த நிறுவனம் பதிந்து பில் அனுப்புவீர்கள். சுயதொழில் அனுபவம் பொதுவாகக் கனடிய அனுபவப் பிரிவில் சேராது என்பதால், பி.ஆர். எதிர்பார்ப்பவர்கள் T4 முறையையே கேளுங்கள். T4 என்று பதில் வந்தாலும் 28 டாலரில் விடுமுறைச் சம்பளம் அடக்கமா என்று இன்னொரு முறை கேளுங்கள். சட்டப்படி புதியவருக்குக் குறைந்தது 4 சதவீதம் விடுமுறைச் சம்பளம் உண்டு. அடக்கம் என்றால் உண்மையான மணிக்கூலி 26.92 டாலர்தான். வாரம் 40 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 43 டாலர் வித்தியாசம்.

சம்பளத்தைச் சொல்லாமல் மழுப்பினால் ஒரு வழி இருக்கிறது. வேலை விவரத்தில் உள்ள ஒரு முழு வாக்கியத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். கம்பெனி அதே உரையைத் தன் தளத்தில் வெளியிட்டிருந்தால் கிடைத்துவிடும். 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஒன்டாரியோவில் பொதுவில் வெளியிடும் வேலை விளம்பரத்தில் 2026 ஜனவரி 1 முதல் சம்பள வரம்பைக் குறிப்பிட வேண்டும். மிக உயர்ந்த சம்பள வேலைகளுக்கு மட்டும் விலக்கு. ரெக்ரூட்டர் போனில் சொல்வது பொது விளம்பரம் அல்ல என்பதால் இந்த விதி அவரைக் கட்டாயப்படுத்தாது. அதனால்தான் மூல விளம்பரத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

அனுப்பிய விவரத்தில் கம்பெனிப் பெயர் இல்லையே என்று பதறாதீர்கள். நீங்கள் நேராக விண்ணப்பித்துவிடுவீர்கள் என்று ஏஜென்சிகள் பெயரை எடுத்துவிட்டு அனுப்புவது வழக்கம். ஆனால் அடுத்ததாக, "எங்கள் மூலம் உங்களை அனுப்பச் சம்மதம்" என்று பதில் எழுதச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வரும். அதில் கிளையண்ட் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். பெயர் தெரியாமல் சம்மதித்து, மறுநாள் இன்னொரு ஏஜென்சிக்கும் அதே வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டால் ஒரே ஆளின் ரெஸ்யூமே இரண்டு பக்கமிருந்தும் போய்ச் சேரும். யாருக்குக் கமிஷன் என்ற தகராறு வேண்டாம் என்று கிளையண்ட் இரண்டையும் தள்ளிவிடக்கூடும். கம்பெனிப் பெயர், வேலைப் பெயர், சம்மதித்த தேதி, ஏஜென்சி என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

கேட்டும் வேலை விவரம் வரவில்லை என்றால் மறுநாள் ஒரு முறை நினைவூட்டுங்கள். கிளையண்ட் இன்னும் எழுதித் தரவில்லை என்று சொன்னால், போனில் சொன்னதையே ஐந்து வரியில் மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான வேலை கையில் இருப்பவருக்கு அது பத்து நிமிட வேலை. அதையும் செய்யாமல் சின் எண்ணையோ பாஸ்போர்ட் படத்தையோ கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சின் எண்ணை வேலையில் சேர்ந்த பிறகு முதலாளியிடம் கொடுத்தால் போதும், அதற்கு மூன்று நாள் அவகாசம் இருக்கிறது.