à® என்று தெரிந்தால் உடனே அழிக்காதீர்கள்

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். போன வருடம் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல் மலருக்காக வந்தது. பெயர், விலாசம், தொலைபேசி எல்லாம் நிரல்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் ஒரே சி.எஸ்.வி. கோப்பில், தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து இருந்தன. அரை மணி நேரத்தில் அனுப்பியவரே அழைத்தார். "அண்ணா, அந்தக் கோப்பு பழுதாகிட்டுது. ஏதோ வைரஸ் போல. அழிச்சிடுங்கோ, நாங்க திரும்ப டைப் பண்ணித் தாறோம்." நல்ல வேளையாக நான் அழிக்கவில்லை.

குப்பை என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. திறந்து பார்த்தபோது பெரும்பாலான வரிகளில் `à®`, `à¯` என்ற இரண்டு சோடிகள் திரும்பத் திரும்ப வந்தன. நிரல்கள் பெரும்பாலும் அதனதன் இடத்தில் இருந்தன. 077- என்று தொடங்கும் எண்கள் ஒன்றுகூடச் சிதையவில்லை. உண்மையான குப்பை இப்படி இருக்காது. ஒரு படக் கோப்பையோ, பெயர் மாற்றிய வேர்ட் கோப்பையோ நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் எழுத்துகள் `ÿØÿ` என்றோ `PK` என்றோ இருக்கும், அதற்குப் பிறகு எந்த ஒழுங்கும் தெரியாது. நமக்கு வந்ததில் ஒழுங்கு இருந்தது. ஜப்பானியர்கள் இதற்கு வைத்த மொஜிபாகே என்ற பெயரைத்தான் இன்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். எழுத்து உருமாறிப்போவது என்று பொருள்.

அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் இலகு. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். முதல் பைட் எப்போதும் `E0`. இரண்டாவது `AE` அல்லது `AF`. மூன்றாவதுதான் இது எந்த எழுத்து என்று சொல்கிறது. விண்டோஸின் பழைய மேற்கு ஐரோப்பியக் குறிமுறையான விண்டோஸ்-1252 இதே பைட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது `E0` என்பது à ஆகிறது, `AE` என்பது ® ஆகிறது, `AF` என்பது ¯ ஆகிறது. அதே கோப்பில் `à¶`, `à·` என்று வந்த இடங்கள் சிங்களம். கொழும்பில் வேலை செய்கிறவர்கள் இந்த நான்கு சோடிகளையும் மனதில் வைத்திருந்தால் உடைந்த கோப்பிலும் எந்தப் பத்தி எந்த மொழி என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

'கொழும்பு' என்ற சொல் உடைந்தால் இப்படி வரும். இடைவெளியும் சதுர அடைப்பும் நான் விளங்குவதற்காகப் போட்டவை.

```
à®• à¯Š à®´ à¯[81] à®® à¯[8D] à®ª à¯[81]
```

அடைப்புக்குள் உள்ளவற்றைக் கவனியுங்கள். விண்டோஸ்-1252 முறையில் `81`, `8D`, `8F`, `90`, `9D` என்ற ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. அவை கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளாகக் கோப்பில் கிடக்கும். தமிழில் `81` இல் முடிவது 'ு' என்ற உகரக் குறி. `8D` இல் முடிவது புள்ளி. `8F`, `90` இரண்டும் ஏ, ஐ. மற்ற மொழிக்காரருக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். நமக்கோ புள்ளியும் உகரமும் இல்லாத ஒரு வரியை எழுதவே முடியாது.

அதனால்தான் 'சுத்தம் செய்வது' மிக மோசமான தவறு என்கிறேன். திரையில் தெரிவதை மட்டும் பிரதி எடுத்து வேறோர் இடத்தில் ஒட்டுவது, தெரியாத குறிகளை நீக்கும் கருவியில் கோப்பைப் போடுவது, எடிட்டர் கேட்கும் கேள்விக்கு யோசிக்காமல் சம்மதம் சொல்வது, எல்லாம் இந்த வகைதான். à®, à¯ எல்லாம் அப்படியே இருக்கும், பார்வைக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது. ஆனால் புள்ளியும் உகரமும் போயிருக்கும். அப்புறம் திருப்பி மாற்றினால் கிடைப்பது இதுதான்:

```
கொழ�ம�ப�
```

எனவே வந்த கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எனக்கு வந்த கோப்பின் பைட்டுகளில் உண்மையில் எந்தப் பழுதும் இல்லை. எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்ததுதான் பிரச்சினை. தொடக்கத்தில் அடையாளக் குறி இல்லாத யூ.டி.எஃப்-8 சி.எஸ்.வி. கோப்பை எக்செல் பெரும்பாலும் பழைய குறிமுறை என்று எண்ணித் திறந்துவிடும். Data மெனுவில் From Text/CSV வழியாகப் போய், File Origin என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)` தெரிவு செய்தேன். உடைந்து தெரிந்ததெல்லாம் தமிழும் சிங்களமுமாக வந்தது.

சரி செய்த பிறகும் ஒரு தவறுக்கு இடமிருக்கிறது. தமிழாகத் தெரிகிற அந்தப் பட்டியலை சாதாரண `CSV (Comma delimited)` என்று சேமித்தால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாக மாறும். கொழும்புக்கு எட்டுக் கேள்விக்குறி. அதில் மீட்பதற்கு ஒன்றுமே இல்லை. `CSV UTF-8` என்றுதான் சேமிக்க வேண்டும். மாறாக, உடைந்து தெரியும்போதே யூ.டி.எஃப்-8 ஆகச் சேமித்தால் உடைவு இரட்டிக்கும். அதை மறுபடியும் பழைய குறிமுறையில் திறந்தால் `à®` இருந்த இடத்தில் `Ã Â®` என்று நிற்கும். இது மீளக்கூடியது, ஆனால் மாற்றத்தை இரண்டு முறை செய்ய வேண்டும். பைத்தனில் ftfy என்ற நூலகத்தை நிறுவியிருந்தால் ஒரு முறைக்கு இவ்வளவுதான், `s` என்பது உடைந்த வரி:

```
import ftfy.bad_codecs
s.encode('sloppy-windows-1252').decode('utf-8')
```

வெறும் `cp1252` போட்டால் முதல் உகரத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும், அந்த ஐந்து பைட்டுகளை அது ஏற்காது. பிழையைத் தாண்டுவதற்காக `errors='ignore'` சேர்க்காதீர்கள். அதுவும் புள்ளியைத் தொலைக்கும் வழிதான்.

சில வரிகள் மட்டும் `nfhOk;G`, `,yq;if` என்று இருந்தன. இவை உடைந்த எழுத்தும் அல்ல, விசைப்பலகையில் கை பட்டதும் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கொழும்பும் இலங்கையும். சொல்லின் நடுவிலும் முடிவிலும் அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் பாமினியைச் சந்தேகியுங்கள், அது அங்கே புள்ளி. இதில் எந்தக் குறிமுறையை மாற்றினாலும் பயன் இல்லை, பாமினி மாற்றி வேண்டும். ஆனால் முழுக் கோப்பையும் மாற்றியில் போட்டுவிடாதீர்கள், `gmail` என்பது 'பஅயடை' ஆகிவிடும். பாமினியில் காற்புள்ளி என்பது 'இ' என்பதால் 'இலங்கை' வந்த வரிகளில் ஒரு நிரல் கூடுதலாகவும் இருந்தது. அந்த வரிகளைத் தனியே பிரித்து, நிரலைச் சேர்த்து, பெயருக்கும் விலாசத்துக்கும் மட்டும் மாற்றியைப் பயன்படுத்தினேன்.

கடைசியில் ஒரு சிறு தொகுதி மட்டும் மிஞ்சியது. பிந்திச் சேர்ந்தவர்களின் பெயர்களை உடைந்த நிலையிலேயே யாரோ பிரதி எடுத்து மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். தெரியாத குறிகள் வழியில் எங்கோ தொலைந்துவிட்டன. கொழும்பு, வெள்ளவத்தை மாதிரிச் சொற்களை வாசித்தே நிரப்பினேன். `à¯` தனியாக நின்றால் அது புள்ளி அல்லது உகரம், வேறொன்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெயர்களில்தான் சிக்கல். 'ராஜ்', 'ராஜு' இரண்டும் 'ராஜ�' என்றுதான் நிற்கின்றன. 'வேல்', 'வேலு'வும் அப்படியே. இங்கே ஊகித்து எழுதினால் ஒருவருடைய பெயரை மலரில் பிழையாக அச்சிடுவோம். பக்கத்து நிரலில் தொலைபேசி எண்கள் முழுதாக இருந்தன. ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டேன். இரண்டு பேர் ராஜு, ஒருவர் ராஜ். நான் வேலு என்று நினைத்திருந்தவர் வேல்.