பூட்டிய கோப்பில் தேடும்போது சர்வர் தெரிந்துகொள்பவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நாலைந்து ஊர்களில் கிளை, கிளவுடில் 40,000 ரிப்போர்ட். எல்லாமே என்கிரிப்ட் செய்யப்பட்டவை, சாவி கூடத்திடம் மட்டுமே இருக்கிறது. ஒரு நோயாளி வந்து பழைய ரிப்போர்ட் கேட்கிறார். நாற்பதாயிரத்தையும் இறக்கி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடியாது. சர்வரே தேடித் தர வேண்டும், ஆனால் உள்ளே இருப்பதை அது படிக்கக் கூடாது. இது முடியும் என்று 2000இல் டான் சாங், டேவிட் வாக்னர், ஏட்ரியன் பெரிக் மூவரும் ஒரு வழி காட்டினார்கள். அதன்பின் நல்ல முறைகள் பல வந்துவிட்டன. நடைமுறையில் சறுக்குவது பெரும்பாலும் கணிதத்தில் இல்லை. படிக்க முடியாத சர்வருக்கும் எது எதோடு பொருந்துகிறது, எத்தனை பொருந்துகிறது, எப்போது பொருந்துகிறது என்பதெல்லாம் தெரியும். அதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதில்தான் சறுக்குகிறோம்.

முதலில், மிக எளிதாகச் செய்துவிடும் தவறு. ரிப்போர்ட்டை என்கிரிப்ட் செய்துவிட்டு, தேடுவதற்காக மொபைல் எண்ணின் SHA-256 ஹாஷைப் பக்கத்தில் ஒரு நெடுவரிசையில் போட்டு வைப்பார்கள். ஹாஷிலிருந்து எண்ணைத் திருப்பி எடுக்க முடியாது என்பது நம்பிக்கை. திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. இந்திய மொபைல் எண் பத்து இலக்கம், 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும். ஆக மொத்தமே 400 கோடி எண்கள். கேமிங்குக்கு வாங்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்கு நூறு கோடிக்கும் மேல் ஹாஷ் போடும். எல்லா எண்ணையும் போட்டுப் பார்த்து ஒப்பிட ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது. ஹாஷ் போடும் முன் எண்ணோடு சேர்க்கும் ஒழுங்கற்ற துண்டான சால்ட்டை வரிசைக்கு ஒன்று வைத்தால் தேடவே முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே சால்ட் வைத்து அதையும் அதே டேட்டாபேஸில் போட்டால், திருடுபவர் இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போவார். ஹாஷுக்குப் பதில், ரகசியச் சாவி சேர்த்துப் போடும் ஹாஷான HMAC வேண்டும், அதன் சாவி சர்வர் பக்கம் எட்டியே பார்க்கக் கூடாது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனிச் சாவி வேண்டும். ஒரே சாவியைப் பயன்படுத்தினால் நோயாளியின் எண்ணும் உறவினரின் எண்ணும் ஒன்றா என்பது சாவி இல்லாதவருக்கும் தெரிந்துவிடும்.

HMAC வந்ததும் இனி எல்லா நெடுவரிசைக்கும் இதே போதும் என்று முடிவு செய்வது அடுத்த தவறு. மொபைல் எண்ணுக்கு இது ஓரளவு சரி, ஏனென்றால் ஒரு எண் ஒருவருக்கோ ஒரு குடும்பத்துக்கோதான். ரத்த வகைக்கு இதையே செய்து பாருங்கள். நாற்பதாயிரம் வரிசையிலும் HMAC தரும் நாலே நாலு மதிப்புகள், அதாவது டோக்கன்கள், திரும்பத் திரும்ப வரும். தமிழ்நாட்டில் ஓ வகைதான் அதிகம், அடுத்து பி, பிறகு ஏ, கடைசியில் ஏபி. டோக்கன்களை எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினாலே நாலும் எது எது என்று தெரிந்துவிடும். சாவியை உடைக்க வேண்டியதில்லை. பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற நெடுவரிசை இன்னும் மோசம். பெரும்பாலானவை நெகட்டிவ், மிச்சம் எது என்று சொல்லவே வேண்டாம்.

2015இல் முகமது நவீத், சேனி கமாரா, சார்லஸ் ரைட் ஆகியோர் அமெரிக்க மருத்துவமனைகளின் உண்மையான நோயாளித் தரவுகளை வைத்து இதையே செய்து காட்டினார்கள். பொதுவெளியில் கிடைக்கும் புள்ளிவிவரத்தோடு ஒப்பிட்டே பல நெடுவரிசைகளைப் படித்துவிட்டார்கள். என் கருத்து கறாரானது: மதிப்புகள் பத்து இருபதுக்குள் அடங்கும் எந்த நெடுவரிசைக்கும் இப்படித் தேடல் டோக்கன் போடவே கூடாது. மொபைல் எண்ணை வைத்து அந்த நோயாளியின் ரிப்போர்ட்டுகளை இறக்குங்கள். ரத்த வகையையும் முடிவையும் கூடத்தின் கம்ப்யூட்டரிலேயே பிரித்த பிறகு வடிகட்டிக்கொள்ளலாம்.

அப்படியானால் டாக்டர் குறிப்பில் உள்ள சொற்களை எப்படித் தேடுவது? இங்கே ஒரே சொல்லுக்கு ஒரே டோக்கன் என்ற பழக்கத்தை விட வேண்டும். கூடத்தின் ரகசியச் சாவி `K`-இலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சாவி உண்டாக்குகிறோம். அந்தச் சொல் வரும் முதல் ரிப்போர்ட்டுக்கு 0, அடுத்ததற்கு 1 என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லேபிள் போடுகிறோம்.

```python
import hmac, hashlib, unicodedata

def prf(key, msg):
    return hmac.new(key, msg, hashlib.sha256).digest()

def word_key(K, word):
    w = unicodedata.normalize("NFC", word.strip())
    return prf(K, w.encode("utf-8"))

def label(kw, i):
    return prf(kw, i.to_bytes(8, "big"))
```

லேபிளுக்கு எதிரே ரிப்போர்ட் எண்ணை வேறொரு சாவியால் பூட்டி வைக்கிறோம். எல்லா ஜோடிகளையும் கலைத்துப் போட்டு சர்வருக்கு அனுப்புகிறோம். ஒரு சொல் 3 ரிப்போர்ட்டில் இருந்தாலும் 3,000 ரிப்போர்ட்டில் இருந்தாலும் சர்வர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 32 பைட் துண்டுகள்தான். தேடும்போது அந்தச் சொல்லின் சாவியான `kw` மட்டும் போகும். சர்வர் 0, 1, 2 என்று லேபிள் கணக்கிட்டு, கிடைக்காத இடம் வரும்வரை எடுத்துத் தரும். தேடாத சொற்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

கோடில் உள்ள `normalize` வரியை வேண்டாத அலங்காரம் என்று நீக்கிவிடுவதுண்டு. தமிழில் அது இல்லாவிட்டால் தேடலே வேலை செய்யாது. ‘நோய்’ என்ற சொல்லில் ஓகாரக் குறியை U+0BCB என்ற ஒரே எழுத்தாகச் சேமிக்கலாம், U+0BC7, U+0BBE என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். முதலாவது 12 பைட், இரண்டாவது 15 பைட். சாதாரணத் தேடலில் சர்வரே இதைச் சமாளித்துவிடலாம். இங்கே HMAC ஒரு பைட் மாறினாலும் முற்றிலும் வேறு லேபிளைத் தரும், சர்வரோ ‘இல்லை’ என்று நேர்மையாகச் சொல்லிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. வேற்றுமை உருபும் இதே கதைதான். ‘சிறுநீரகம்’ என்று தேடினால் ‘சிறுநீரகத்தில்’ கிடைக்காது. இன்டெக்ஸ் செய்வதற்கு முன்பே வேர்ச்சொல்லாக்கிவிட வேண்டும். இரண்டு விசைப்பலகைகளில் தட்டிய ஒரே சொல்லை ஏற்றிப் பார்த்து, இரண்டும் கிடைக்கின்றனவா என்று முதல் நாளே சோதியுங்கள்.

இந்த முறையிலும் தேடிய பிறகு ஒன்று வெளியே போகிறது: எண்ணிக்கை. சர்வரை நடத்துபவர் கையில் பழைய ரிப்போர்ட்டுகளின் பிரிக்கப்பட்ட நகல் ஒன்று எப்படியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கசிவு, அல்லது என்கிரிப்ஷன் போடுவதற்கு முந்தைய காலத்து பேக்கப். அந்தத் தொகுப்பில் 37 ரிப்போர்ட்டில் வரும் சொல் ‘காசநோய்’ மட்டும்தான் என்றால், 37 விடை வந்த தேடல் எதைப் பற்றியது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரே எண்ணிக்கையில் இரண்டு சொற்கள் இருந்தால், எந்த ரிப்போர்ட்டுகள் இறக்கப்படுகின்றன என்பதை வைத்து, ஏற்கெனவே தெரிந்த சொற்களோடு அவை எத்தனை ரிப்போர்ட்டில் சேர்ந்து வருகின்றன என்று பார்த்துப் பிரித்துவிடலாம். 2015இல் டேவிட் காஷும் சகாக்களும் விவரித்த தாக்குதல் இதுவே.

இதற்குச் செய்யக்கூடியது, ஒவ்வொரு சொல்லின் பட்டியலையும் இரண்டின் அடுக்குக்கு உயர்த்துவது. 37 உள்ள பட்டியலில் 27 போலிப் பதிவுகள் சேர்ந்து 64 ஆகும். 33 முதல் 64 வரை உள்ள எல்லாச் சொற்களும் வெளியே 64 என்றே தெரியும். எப்படிப் பார்த்தாலும் சேமிப்பு இரண்டு மடங்கைத் தாண்டாது. இதைச் செய்துவிட்டு அடுத்த படியில் கோட்டை விடுவார்கள். 64 விடைகளைப் பிரித்துப் பார்த்து, உண்மையான 37 ரிப்போர்ட்டுகளை மட்டும் அதே சர்வரிலிருந்து இறக்குவார்கள். மறைத்த எண் அங்கேயே வெளியே வந்துவிடும். போலிப் பதிவுகளும் ஏதோ ஒரு ரிப்போர்ட்டைச் சுட்ட வேண்டும், அவற்றையும் இறக்கித் தூக்கிப்போட வேண்டும். நெட் செலவு கூடும்தான். எவை சேர்ந்து வருகின்றன என்ற தடம் அதன் பிறகும் மிச்சம் இருக்கும், மங்கலாக.

இதுவரை சொன்னவற்றில் சர்வர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. வெளியாள் எழுதியதை நாமே இன்டெக்ஸ் செய்கிறோம் என்றால் நிலைமை வேறு. பல கூடங்களில் வெளி டாக்டர்கள் ஈமெயிலில் அனுப்பும் பரிந்துரைக் கடிதம் தானாகவே என்கிரிப்ட் ஆகி, சொற்கள் பிரிக்கப்பட்டு, இன்டெக்ஸில் சேர்ந்துவிடும். சர்வரோடு கூட்டு வைத்த ஒருவர் மூன்று கடிதம் அனுப்புகிறார். ஏழு சொற்களுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுத்து, இரும எண்ணாக எழுதிக்கொள்கிறார். ‘டெங்கு’ 5, அதாவது 101. எனவே அது முதல் கடிதத்திலும் மூன்றாவதிலும் இருக்கும், இரண்டாவதில் இருக்காது. ‘கர்ப்பம்’ 6, அதாவது 110, முதல் இரண்டில் மட்டும். எந்தக் கடிதம் எப்போது வந்தது என்பது சர்வருக்குத் தெரியும். பிறகு நீங்கள் தேடும்போது விடையில் அந்த மூன்றில் எவை வருகின்றன என்று பார்த்தாலே சொல் வெளிப்பட்டுவிடும். 5,000 சொற்களுக்கு 13 கடிதம் போதும், ஏனென்றால் 2-இன் 13ஆம் அடுக்கு 8,192. 2016இல் யூப்பெங் ஜாங், ஜொனாதன் காட்ஸ், சரலாம்போஸ் பாபமந்து மூவரும் இதை வெளியிட்டபோது, ஒரு கோப்பில் இத்தனை சொற்கள்தான் என்று வரம்பு வைப்பதையும் ஆராய்ந்தார்கள். தாக்குபவருக்கு இன்னும் சில கோப்புகள் தேவைப்படும், அவ்வளவுதான்.

மேலே உள்ள கோடில் இதற்கு ஒரு கூடுதல் ஓட்டையும் உண்டு. நேற்றுத் தேடியபோது `kw` சர்வருக்குப் போய்விட்டது. இன்று புதுக் கடிதம் சேரும்போது அடுத்த எண்ணின் லேபிளைச் சர்வரே கணக்கிட்டுப் பார்த்து, நேற்று தேடிய சொல் இதில் இருக்கிறதா என்று சொல்லிவிடும். நீங்கள் மறுபடி தேடவே வேண்டாம். ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் அந்தச் சொல்லின் சாவியை மாற்றுவது ஒரு வழி: `prf(K, சொல் + சுற்று எண்)` என்று வைத்து, சுற்று எண்ணைக் கூடத்தின் பக்கமே சேமிக்க வேண்டும். புதிதாகச் சேர்வதெல்லாம் புதுச் சாவியில் போகும், பழைய சாவி புதியதைத் திறக்காது. முன்னோக்கிய தனிமை என்று இதைச் சொல்வார்கள். கடிதங்கள் வந்த பிறகு நீங்கள் செய்யும் தேடலை இது காப்பாற்றாது. ஆகவே வெளியாள் எழுத்தைத் தனி இன்டெக்ஸில், தனிச் சாவியில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் அதில் தேடுவதே நான் பரிந்துரைப்பது.

கடைசியாக லாக். டிஸ்க்கைத் திருடினாலும் ஒன்றும் கிடைக்காது என்று சொல்லும்போது, தேடலே நடக்காத டிஸ்க்கை மனதில் வைத்துப் பேசுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் வெப் சர்வரின் அணுகல் லாக், டேட்டாபேஸின் மெதுவான வினவல் லாக், பிழை கண்காணிப்புச் சேவை என்று பல இடங்களில் கோரிக்கை அப்படியே பதிவாகும். `kw` அதில் இருந்தால், லாக்கும் இன்டெக்ஸும் ஒரே பேக்கப்பில் கிடைத்தவருக்கு இதுவரை தேடிய ஒவ்வொரு சொல்லின் விடைப் பட்டியலும் எத்தனை நீளம், அது எந்த நேரத்தில் தேடப்பட்டது என்பதெல்லாம் கிடைக்கும். `kw`-ஐ யூஆர்எல்லில் அனுப்பாமல் கோரிக்கையின் உடலில் அனுப்புங்கள், அந்தப் புலத்தை லாக் வடிகட்டியில் மறையுங்கள். பிறகு சோதனைச் சர்வரில் ஒரு தேடல் செய்து, அனுப்பிய `kw`-இன் ஹெக்ஸ் வடிவத்தையும் பேஸ்64 வடிவத்தையும் `/var/log` முழுக்க `grep -r` போட்டுத் தேடுங்கள். கண்காணிப்புச் சேவையின் திரையிலும் தேடுங்கள். ஒரு இடத்தில் கிடைத்தாலும் இன்டெக்ஸை நேரலைக்கு அனுப்ப வேண்டாம்.