‘கபிலர் சொல்கிறார்’ என்று எழுதுவதற்கு முன்

குறுந்தொகைக் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால், கல்லூரியில் நான் செய்த தவறுகளே வரிசையாக வருகின்றன. சொற்பொருள் பிழைகளை அகராதி பார்த்துக்கொள்ளும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாடியவரையே பேசுபவராக நினைப்பது

25ஆம் பாட்டு ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்று தொடங்கும். பாடியவர் கபிலர். பேசுகிறவள் தலைவி, கேட்கிறவள் தோழி. ‘காதலன் ஏமாற்றிவிட்டதைக் கபிலர் வேதனையோடு சொல்கிறார்’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். நானும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட இதையேதான் எழுதினேன். இன்றைக்கும் அந்த வரியைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அதோடு பாட்டே கையைவிட்டுப் போய்விடுகிறது.

அவன் ஏமாற்றிவிட்டான் என்று தலைவி சொல்லவே இல்லை. ‘தானது பொய்ப்பின்’, அதாவது அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்றுதான் கேட்கிறாள். திருமணம் தள்ளிப்போகிறது, அவளுக்குப் பயம். கூடிய அன்று சாட்சிக்கு யாரும் இல்லை என்கிறாள். உடனே ஒன்று நினைவுக்கு வருகிறது: ஒரு குருகு இருந்தது. தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்றது. அதன் கண்ணெல்லாம் மீன்மேல். அது எப்படிச் சாட்சி சொல்லும்?

அவளுக்கு அது கையறுநிலையில் கிடைத்த ஒரு நினைவு, அவ்வளவுதான். ஆனால் இரைக்காகக் காத்திருக்கும் பறவையை அந்த இடத்தில் நிறுத்தியவர் கபிலர். அவனும் அப்படிக் காத்திருந்தவன்தானோ என்ற சந்தேகம் படிக்கிற நமக்கு வருகிறது. அவள் வாய்விட்டு அதைச் சொல்லவில்லை. இருவரையும் ஒருவராக்கினால் அவள் பயம் கபிலரின் தீர்ப்பாகிவிடும், குருகு வெறும் வர்ணனையாகிவிடும்.

அதனால் பாட்டைத் தொடுவதற்கு முன் ஓரத்தில் மூன்று பெயர் எழுதச் சொல்கிறேன்: பாடியவர், பேசுபவர், கேட்பவர்.

துறைக்குறிப்பைப் பாட்டின் வரியாகப் படிப்பது

‘தலைவி தோழிக்குச் சொல்லியது’ போன்ற குறிப்புகள் பின்னால் சேர்ந்தவை. உதவும்; ஆனாலும் பாட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

தலைவன் எந்த ஊர்க்காரன் என்று தேடுவது

வேண்டாம். அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி.

எல்லா ‘நான்’களையும் வேடமாக நினைப்பது

முதல் தவறைத் திருத்தியவர்கள் அப்புறம் இதில் விழுகிறார்கள். புறநானூறு 113இல், பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு, பறம்பு மலையைத் தொழுது கண்ணீரோடு விடைபெறுகிறவர் கபிலரேதான். அங்கே தலைவியும் இல்லை, தோழியும் இல்லை. இறந்தவன் அவருடைய நண்பன்.