கமிட்டி அஜெண்டாவில் இடம் கேட்கும்போது நடக்கும் தவறுகள்

அறுபது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். கோடை வந்தால் லாரித் தண்ணீர்ச் செலவு எகிறுகிறது, ஆனால் பில்லை எல்லா வீடும் சமமாகப் பங்கிடுகிறது. வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றுகிறது. உடனே செயலாளருக்கு வாட்ஸ்அப்பில், "அடுத்த மீட்டிங்கில் தண்ணீர் மீட்டர் பற்றிக் கொஞ்சம் பேசணும் சார்" என்று அனுப்புகிறார்.

இதில் பெரிய தவறு, என்ன முடிவு வேண்டும் என்று சொல்லாததுதான். 'பேச வேண்டும்' என்றால் பேசுவார்கள். "நல்ல யோசனை, பார்ப்போம்" என்று மினிட்ஸில் ஒரு வரி ஏறும், அவ்வளவுதான்.

அதற்காக, "அறுபது வீட்டுக்கும் மீட்டர் பொருத்த ஒப்புதல் வேண்டும்" என்று எழுதினாலும் வேலைக்காகாது. அவ்வளவு பெரிய செலவு பெரும்பாலான சங்கங்களில் பொதுக்குழுவுக்குத்தான் போகும். கமிட்டி தானாக எவ்வளவு செலவழிக்கலாம் என்பது சங்கத்தின் துணைவிதிகளில் இருக்கும். கடிதம் எழுதுமுன் அதைப் பார்த்துவிடுங்கள். தவிர, பழைய கட்டடங்களில் சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என ஒரே வீட்டுக்குள் பல குழாய்கள் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும். வீட்டுக்கு ஒரு மீட்டர் போதுமா, மூன்று வேண்டுமா என்று எண்ணிப் பார்க்காமல் மொத்தச் செலவைச் சொல்லவே முடியாது. ஆகவே கமிட்டியிடம் கேட்க வேண்டியது, அது அன்றே தரக்கூடிய முதல் படியைத்தான்:

"பொருள்: தண்ணீர் மீட்டர். தேவையான நேரம்: 15 நிமிடம் (விளக்கம் 5, கேள்விகளும் முடிவும் 10). கோரும் முடிவு: எல்லா வீடுகளின் குழாய் இணைப்புகளையும் பிளம்பரை வைத்துக் கணக்கெடுக்க ரூ. 8,000 வரை அனுமதி. அதை வைத்து மூன்று கொட்டேஷன் வாங்கி அடுத்த கூட்டத்தில் வைக்க ஒப்புதல்."

நேரத்தைக் குறைத்துக் கேட்பதும் ஒரு தவறு. ஐந்து நிமிடம் என்றால் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் "ஆளில்லாத வீட்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா?" என்ற ஒரே கேள்வி அதைத் தின்றுவிடும்; பிறகு தலைவர், "சரி, அடுத்த மாதம் தொடரலாம்" என்பார். விவாத நேரத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

அஜெண்டா சுற்றுக்குப் போன பிறகு கேட்டால், 'தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்' என்ற கடைசி வரிக்குக் கீழே தள்ளுவார்கள். முன்னறிவிப்பு இல்லாத விஷயத்தில் பணம் ஒதுக்க, பொறுப்புள்ள எந்தக் கமிட்டியும் தயங்கும், அது நியாயமும்கூட. அந்தக் கடைசி வரி வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்; கோரம், அதாவது கூட்டத்தில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இல்லையென்றால் முடிவே எடுக்க முடியாது. அஜெண்டா என்றைக்குத் தயாராகும் என்று செயலாளரிடம் கேட்டு, அதற்கு முன்பே ஒரு பக்கக் குறிப்போடு கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். கணக்கு வாசிப்பு முடிந்த கையோடு உங்கள் பொருளை வைக்க முடியுமா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.